பானை தெளிந்த காலை

ரோகினிக்கு வாய் நீளம் என்று மலேசியாவின் பகாவ் ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யில்லை. பசாரில் மீன்காரன் முந்தாநாள் மீனை ஐஸ் போட்டு மினுக்கி வைத்திருந்தால், நாலு கடை தள்ளி நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி அவனை வாரிவிடுவாள். பெண்ணின் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரோடு சண்டை, கோயில் கமிட்டியோடு சண்டை, புருஷன் மகேந்திரனோடு தினம் ஒரு சண்டை. எல்லாம் நியாயமான சண்டைதான். அப்படிப்பட்டவள், பேசியே ஆகவேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

பிறந்தது புக்கிட் பெலண்டோக்கில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள். ஐந்து பிள்ளைகளில் இவள் ஒருத்திதான் படிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டிப்ளோமா முடித்த கையோடு, பகாவைத் தாண்டி உள்ளே கிடக்கும் ஒரு செம்பனைத் தோட்டக் கம்பெனியின் லேப்பில் வேலை கிடைத்தது. சேர்ந்த வருஷமே, அதே தோட்டத்தில் பழக்குலை லோரி ஓட்டிக்கொண்டிருந்த மகேந்திரனைக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண் ஷாமினி, சிரம்பானில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

லேப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செம்பனைக்கு நடுவே தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே ஏர்கோன், இரண்டு மேசை, ஒரு மூலையில் ரோகினியின் பானை. கீமோஸ்டாட் என்பதுதான் அதன் பெயர். ஆனால் அவள் வாயில் முதல் நாளிலிருந்தே அது பானைதான்.

பானை என்பது ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதற்குள் கிருமிகள், அதாவது பாக்டீரியாக்கள். செம்பனைப் பழத்தை அவித்து எண்ணெய் பிழிந்தபின் மில்லில் மிஞ்சுகிற கழிவுத் தண்ணீரைத் தின்று சுத்தமாக்கும் நல்ல ஜாதிக் கிருமிகள். அடியில் காற்று குமிழ்விட்டுக்கொண்டே இருக்கும், ஒரு தகடு சுழன்று கலக்கிக்கொண்டே இருக்கும். ஒரு பம்பு, இந்தப் பக்கம் வடிகட்டித் தெளியவைத்த புதுக் கழிவுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். உள்ளே வருகிற அதே அளவு அந்தப் பக்கம் குழாய் வழியே வழிந்து போய்விடும். வழிகிற தண்ணீரோடு கிருமிகளும் போகும். ஆகவே பானையில் தண்ணீர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகவேண்டும் என்று முடிவு பண்ணுவது கிருமி இல்லை, பம்பு. பம்பை மெதுவாக விட்டால் தீனி கொஞ்சமாக வரும். அவை அரைப் பட்டினியில் கிடந்து மெதுவாகப் பெருகும். முடுக்கினால் தீனி கூடும், அவையும் வேகமாகப் பெருகும். எந்த வேகத்தில் வெளியே அடித்துக்கொண்டு போகிறதோ சரியாக அதே வேகத்தில் உள்ளே புதிதாகப் பிறந்து ஈடுகட்டிவிடும். பானை மோர் மாதிரி கலங்கியே இருக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தீனி எவ்வளவுதான் கொட்டிக் கிடந்தாலும் ஒரு கிருமி இரண்டாகப் பிரிவதற்குக் குறைந்தபட்சம் இத்தனை நேரம் வேண்டும் என்று இருக்கிறதே! அந்த எல்லைக்குமேல் பம்பை முடுக்கினால் பிறப்பதைவிடப் போவது அதிகமாகிவிடும். பானை மெல்ல மெல்லத் தெளியும். கடைசியில் ஒன்றும் இருக்காது, தின்னப்படாத கழிவுத் தண்ணீர் வந்தபடியே வெளியே போகும்.

அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் அந்த வருஷம் ரோகினியின் வேலை. காரணம் மில். மில்லின் பின்புறம், கழிவுக் குளங்களுக்கு அடுத்து, பானையையே பெரிதாக்கின மாதிரி ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். ரோகினி வளர்த்துக் கொடுத்த கிருமிகள்தான் அதிலும். அங்கே சுத்தமாகி வருகிற தண்ணீர் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் போய்ச் சேரும். பழ சீசன் வந்ததும் மில்லில் குலை மலையாகக் குவிந்தது. கழிவும் குவிந்தது. தொட்டியை இன்னும் வேகமாக ஓட்டலாமா, எவ்வளவு வேகம் தாங்கும் என்று மில் மேனேஜர் யோகேந்திரன் விடாமல் போன் போட்டார்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பம்பை ஒரு படி ஏற்றவேண்டும். பானைத் தண்ணீர் நாலைந்து தடவை முழுசாக மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டும். கலக்கம் ஒரே நிலையில் நின்றுவிட்டது என்று உறுதியானபின் அளக்கவேண்டும். அப்புறம் அடுத்த படி. பொறுமைதான் முக்கியம். ரோகினிக்குப் பேச்சில் இல்லாத பொறுமை பானையிடம் உண்டு. படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்தாள். கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் புக்கிட் பெலண்டோக்கில் அம்மன் கோயில் திருவிழா. ஷாமினியின் பரீட்சைக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சாமி காரியம், தள்ளிப்போட முடியுமா? லீவில் போகும்போது பம்பை நன்றாகக் குறைத்துவிட்டுப் போவது அந்த லேப்பின் வழக்கம். பானையைத் தூங்கப் போடுவது என்பார்கள். கிருமிகள் மெதுவாகப் பெருகிக்கொண்டு, தீனி போத்தலையும் காலி பண்ணாமல், பத்திரமாகக் கிடக்கும். அப்படித் தூங்கப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்த அன்றே வினை. லேப்பின் தலைவர் டாக்டர் அமிர்தலிங்கம் சிரம்பானிலிருந்து வந்து காத்துக்கொண்டிருந்தார். அவர் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி, அதாவது குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். நல்ல மனுஷர், அவசரக்காரர்.

"என்ன பிள்ளை, ரிப்போர்ட் இண்டைக்குப் போகவேணும். மேனேஜர் உயிரை வாங்குறார்."

"இன்னும் ஒரு படி பாக்கி இருக்கு சார்."

"அதை இண்டைக்கே ஏத்திப் பாருமன். பின்னேரம் சொல்லும்."

அந்தக் காலையிலேயே தூக்கத்திலிருந்த பானையை ஒரே ஏற்றாகக் கடைசிப் படிக்கு ஏற்றினாள். மணிக்குப் பானையில் பத்தில் மூன்று பங்கு தண்ணீர் மாறுகிற வேகம். சாயங்காலம் எடுத்து அளந்தாள். கலக்கம் இருந்தது. கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. எல்லை நெருங்க நெருங்கக் கொஞ்சம் குறைவது சகஜம்தானே, இதிலேயே நின்றுவிடும் என்று நினைத்தாள். தண்ணீர் இரண்டு தடவைக்குமேல் மாறியிருக்கிறது, போதாதா? போதாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் விட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்றும் தெரியும். எல்லையை மயிரிழை தாண்டியிருந்தால் பானை ஒரு மணி நேரத்தில் காலியாகாது, மெதுவாகத்தான் தேய்ந்துகொண்டே போகும். அவள் அளந்தது புது வேகத்தில் பிறந்த கிருமிகளை மட்டுமில்லை, திருவிழா லீவில் தூங்கிக் கிடந்த பழைய கூட்டத்தின் மிச்சத்தையும் சேர்த்துத்தான்.

"நிக்குதோ பிள்ளை?" என்று டாக்டர் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நிக்குது சார்."

ரிப்போர்ட் போய்விட்டது.

இதுவரை நடந்தது அவசரம். அதை மன்னித்துவிடலாம், யாருக்குத்தான் அவசரம் இல்லை? மறுநாள் காலையில் நடந்ததுதான் பாவம்.

மறுநாள் காலை லேப் கதவைத் திறந்து விளக்கைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். பானைக்குள் கலக்கும் தகடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனையோ மாசமாக அந்தத் தகட்டை அவள் பார்த்ததே இல்லை. மோர் கழுநீராகியிருந்தது. தாங்கவில்லை, தேய்ந்துகொண்டிருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே புரிந்தது. டாக்டரைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். வாட்சாப்பில் மேனேஜர் கட்டைவிரல் படமும் நன்றியும் போட்டிருந்தார். கீழே டாக்டர், 'எல்லாம் ரோகினியின் கெட்டித்தனம்' என்று எழுதியிருந்தார். கும்பிடுகிற படங்கள் வரிசையாக.

போனைக் கவிழ்த்து வைத்தாள். பம்பைப் பழைய வேகத்துக்கு இறக்கினாள். அவ்வளவுதான் செய்தாள். அடுத்த நாள் பானை மறுபடி மோராகிவிட்டது. எல்லைக்குக் கீழே இறக்கிவிட்டால் மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்சமும் பெருகி மீண்டுவிடும், அதுதான் அதன் குணம். தெளிந்ததற்கு அடையாளம்கூட இல்லாமல் போயிற்று. 'நேத்து காத்துக் குழாய் அடைச்சிருக்கும், வேற ஒண்ணுமில்ல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழாயைக் கழற்றிப் பார்த்தாளா? பார்க்கவில்லை. அடைப்பு இல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மில்லில் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் திருநாவுக்கரசு. ஐம்பதைத் தொட்ட மனுஷர், ஒல்லி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். தொட்டித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வாரம் ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் லேப்புக்கு வருவார். ரோகினியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இவளும் அண்ணே என்று கூப்பிட்டு, தேத்தண்ணி கலந்து கொடுத்து, ஊர்வம்பு அளப்பாள். அந்த வாரமும் வந்தார்.

"நாளையிலிருந்து தண்ணிய வேகமா வுடச் சொல்லிட்டாங்க தங்கச்சி. ஒங்க ரிப்போட்டுல உள்ளதுக்கு ஒரு துளி கொறச்சித்தான் வைக்கப்போறாங்களாம். தாங்குமா லா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிற மனுஷனிடம், ஒரு துளி குறைத்தால் பத்தாது அண்ணே, இன்னும் இறக்கச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை.

"தாங்கும்ணே," என்றாள்.

வாரம் முடியவில்லை. லயன் பின்னால் ஓடையில் மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. தண்ணீரில் எண்ணெய் மினுக்கு, புளிச்ச வாடை. ஓடைத் தண்ணீரை இறைத்துக் கீரை போட்டிருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுற்றுச்சூழல் அதிகாரிகள் வந்து மில்லை நிறுத்தினார்கள். அபராதம், பத்திரிகை என்று அமளி. மேலிடத்திலிருந்து யோகேந்திரனுக்கு ஒரே கேள்வி: யார் தப்பு?

மில் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். டாக்டர் வெளியூர் கூட்டத்துக்குப் போயிருந்ததால் லேப் சார்பில் ரோகினியைக் கூப்பிட்டார்கள். போகிற வழியில் தொட்டியை எட்டிப் பார்த்தாள். பார்க்காமலே போயிருக்கலாம். தொட்டி தெளிந்திருந்தது. காற்று ஜோராகக் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது, ஆனால் தண்ணீரில் மோர்க் கலக்கம்தான் இல்லை. காற்று நின்றுபோயிருந்தால் தொட்டி கறுத்து அழுகிப்போன முட்டையாக நாறியிருக்கும். இது அப்படி நாறவில்லை. உள்ளே போன கழிவு போன மாதிரியே வெளியே வருகிற புளிச்ச வாடைதான். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

யோகேந்திரன் நேராகத் திருநாவுக்கரசிடம் வந்தார். "நைட் ஷிப்டுல காத்து மெசினை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கியிருக்க. கிருமியெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப் போச்சு. வேற எப்படிய்யா சாகும்?"

"நான் ஆஃப் பண்ணலைங்க சார். சத்தியமா."

"போன வருஷம் தூங்கி மாட்டுனது யாரு?"

"அது காய்ச்சல்ல சார், ஒரு தடவை..." என்று இழுத்தவர் ரோகினி பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. "தங்கச்சி, நீங்களே சொல்லுங்க. காத்து நின்னா தொட்டி நாறிப்போயிடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? இது அப்படி இல்லல்ல?"

யோகேந்திரனும் அவளைப் பார்த்தார். "என்ன ரோகினி? காத்தா, இல்ல வேற எதுவுமா?"

பசாரில் நாலு கடைக்குக் கேட்கிற வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். வேறு எது, வேகமா, வேகத்தைச் சொன்னது யார்?

"பாத்தவுடனே சொல்ல முடியாது சார்," என்றாள்.

திருநாவுக்கரசின் முகம் விழுந்ததைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலைக்குப் பிரிவதற்குமுன் எல்லாரும் வரிசையாக நிற்கிற இடத்தில், யோகேந்திரன் மலாய் மொழியில் அறிவித்தார். தூங்கிப்போய்த் தொட்டியைக் கெடுத்தது இவன், இன்றோடு வேலை இல்லை, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணவேண்டும். வரிசையில் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள், நம்ம ஆள்கள் கொஞ்சப்பேர். திருநாவுக்கரசு அவர்களுக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். ரோகினி அங்கே இல்லை. மகேந்திரன்தான் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, "அந்த ஆளு தூங்குற ஆளு இல்ல ரோகினி. எங்கியோ தப்பு இருக்கு," என்றான். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். குழம்பு அடிப்பிடித்துப்போனது.

அதற்கப்புறம் சண்டையே போடவில்லை. மகேந்திரனுக்கே பயமாகிவிட்டது, மருந்துக் கடைக்குக் கூட்டிப்போகவா என்று கேட்டான். பசாரில் மீன்காரன் அழுகல் மீனைக் கொடுத்தான், வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்ன யோக்கியதையில் அவனைக் கேட்பது? அம்மனுக்குப் பால்குடம் எடுத்த கையையே பார்க்கப் பிடிக்கவில்லை. ஓடைப் பக்கம் போகாமல் சுற்று வழியாக வேலைக்குப் போனாள்.

ஒரே ஓர் ஆசை மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. தான் அன்று சொன்னது ஒருவேளை சரியாக இருந்துவிட்டால்? நிஜமாகவே அன்றைக்குக் காற்றுக் குழாய்தான் அடைத்திருந்தால்? அப்படியானால் திருநாவுக்கரசு தூங்கியதாகவே இருக்கட்டும். எவ்வளவு கேவலமான ஆசை என்று தெரிந்தேதான் ஆசைப்பட்டாள். பானையைக் கழுவி, புதுக் குழாய் மாட்டி, காற்றையும் பார்த்து வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு படியிலும் முழுசாகக் காத்திருந்தாள். பத்தில் இரண்டு பங்கில் பானை மோராக நின்றது. இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே மெலிந்தது, ஆனால் நின்றது. அதைத் தாண்டி ஏற்றியதும் சாயங்காலம் கொஞ்சம் குறைந்தது. மறுநாள் இன்னும் குறைந்தது. அதற்கு மறுநாள் தகடு பளிச்சென்று சுற்றியது. காற்று கொஞ்சமும் குறையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பானை எதிரில் உட்கார்ந்து, கடைசிக் கலக்கம் வழிந்து போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான், நான்தான் என்று வாய்விட்டே சொன்னாள். ஏர்கோன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

டாக்டர் வந்ததும் சொன்னாள். சாயங்காலமே அளந்துவிட்டேன், போதிய நேரம் விடவில்லை, எல்லை தப்பு. மறுநாள் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பின்னேரம் சொல்லும் எண்டு நான்தானே கேட்டனான். எவ்வளவு நேரம் விட்டனீர் எண்டு கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. கையெழுத்தும் என்ரதுதான்," என்றார். யோகேந்திரனிடமும் அவரே பேசினார். மேனேஜருக்குக் கோபம் உச்சிக்கு ஏறி, பிறகு யோசித்து, பிறகு இறங்கியது. விஷயம் வெளியே போனால் எல்லாருக்கும் அசிங்கம், சத்தம் போடாமல் அந்த ஆளைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிடலாம், ரோகினிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ரோகினிக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு லேசாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை. நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினாள்.

லயனில் திருநாவுக்கரசு வீட்டு வாசலில் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. அவர் மனைவி செல்லம்மா பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். இவர் படியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வாங்க தங்கச்சி," என்றார். "ஒங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி ஒருவேள நான் கண்ணு அசந்துட்டனோ? யோசிச்சி யோசிச்சி எனக்கே வெளங்க மாட்டேங்குது. நான் தூங்கலன்னுதான் நெனச்சேன். ஆனா இத்தனை பேரு படிச்சவங்க சொல்றாங்க. நீங்களும் இல்லேன்னு சொல்லல. அப்ப தூங்கித்தான் இருப்பேன். அந்த மீனுங்கள நெனச்சா சோறு எறங்கல தங்கச்சி."

ரோகினி நின்றபடியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். வேலையைப் பறித்ததோடு நிற்கவில்லை, விழித்திருந்த மனுஷனைத் தூங்கியதாக அவரையே நம்ப வைத்திருக்கிறாள். ஐயோ, இதைவிட அவர் செருப்பால் அடித்திருக்கலாம்.

"நீங்க தூங்கலைண்ணே," என்றாள். "வேகம் தப்பு. நான் சொன்ன கணக்கு தப்பு. அந்த வேகத்துல கிருமி பெருகுறதுக்குள்ள தண்ணி அடிச்சிக்கிட்டுப் போயிடும். காத்து ஓடிக்கிட்டுத்தான் இருந்திச்சு. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. வேலைக்கு வந்துடுங்க, மேனேஜர் சொல்லிட்டாரு."

திருநாவுக்கரசு சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து நின்றார்.

"பெரட்டுல சொல்லுவாங்களா?"

"அது... சத்தமில்லாம முடிச்சிக்கலாம்னு..."

"என்னைப் பெரட்டுலதான் தங்கச்சி தூங்குமூஞ்சின்னு சொன்னாங்க. எல்லாரும் பாத்தாங்க. அங்கேயே சொல்லணும். இல்லேன்னா இந்தப் பெட்டி கட்டுனது கட்டுனதா இருக்கட்டும்." அவர் குரல் உயர்ந்து அன்றுதான் அவள் கேட்டாள்.

யோகேந்திரன் வேண்டாம் என்றார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று ரோகினி ஒற்றைக்காலில் நின்றாள். பழைய ரோகினி கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். டாக்டரும் அவள் பக்கம் பேசினார். கடைசியில் மேனேஜர், "என்னமோ பண்ணுங்க," என்று கையை விரித்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்குப் போனாள். வரிசையாக நின்றவர்கள், என்னடா இந்த லேப்பு அம்மா இங்கே என்று பார்த்தார்கள். திருநாவுக்கரசு ஓரமாக நின்றார், பக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகியபடி செல்லம்மா. ரோகினி முதலில் மலாயில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள். தொட்டியில் தண்ணீர் விடுகிற வேகத்தைச் சொன்னது நான். கிருமி அந்த வேகத்துக்குப் பெருக முடியாது. பானையில் சோதித்தபோது அவசரப்பட்டு, நேரம் விடாமல் அளந்து, தாங்கும் என்று எழுதிவிட்டேன். திருநாவுக்கரசு அண்ணன் தூங்கவில்லை. தப்பு என்னுடையது. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு பேர் திருநாவுக்கரசின் தோளைத் தட்டினார்கள். ரோகினி மூச்சை விட்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

செல்லம்மா முடிக்கவிடவில்லை.

"ஒண்ணு கேக்கணும் ரோகினி," என்றாள். "சாயங்காலம் அளந்தே, சரி. அவசரம், எல்லாருக்கும்தான் வரும். மறுநாளு காலையில வேலைக்கு வந்திருப்பியே. அந்தப் பானையைப் பாத்தியா, பாக்கலியா?"

படித்தவள் கேட்கிற கேள்வியில்லை அது. அடுப்பில் ஏற்றிவிட்டு வந்ததை மறுபடி எட்டிப் பார்த்தாயா என்று எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்வி. அத்தனை முகங்களும் ரோகினியை நோக்கித் திரும்பின. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் அத்தோடு போயிற்று. இந்தப் பூமியில் யாருக்கும் தெரியாது, பானையே அடையாளத்தை அழித்துவிட்டது. திருநாவுக்கரசு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசில், பார்த்திருக்கமாட்டாள் என்ற நம்பிக்கை இருந்ததோ என்னவோ.

"பாத்தேன் அண்ணி," என்றாள். "தெளிஞ்சிருந்திச்சு. பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன். அப்புறம் அண்ணன் வந்து தாங்குமான்னு கேட்டப்பவும், தாங்கும்னு சொன்னேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார். யோகேந்திரன் காறித் துப்பிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். செல்லம்மா அழவில்லை, திட்டவுமில்லை. "பாத்திருக்கா," என்று மட்டும் தன் புருஷனிடம் சொல்லிவிட்டு லயனைப் பார்த்து நடந்தாள். வரிசை கலைந்து ஆள்கள் வேலைக்குப் போனார்கள்.

திருநாவுக்கரசு நின்றுகொண்டே இருந்தார். ரோகினி அவர் பேசட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தொட்டி இருக்கும் பக்கம் திரும்பினார்.

"மில்லு மறுபடி ஓடணும்னா இன்னிக்கிப் புதுக் கிருமி ஊத்தணும்ல?"

"ஆமாண்ணே. பத்துல ரெண்டு பங்கு வேகத்துக்கு மேல வேண்டாம்."

"வேகத்த நான் வைக்கிறேன்." அவர் நடந்துகொண்டே சொன்னார், திரும்பிப் பார்க்கவில்லை. தங்கச்சி என்றும் சொல்லவில்லை. "நாளைக்கிக் காலையில வாங்க. நானும் நிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். இனிமே நீங்க தனியா பாத்துட்டு வந்து சொல்றத நான் கேக்கமாட்டேன்."

"வர்றேன்," என்றாள் ரோகினி. மறுநாள் காலை அவருக்கு முன்பாகவே போய்த் தொட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வரும்வரை தண்ணீரைக் குனிந்து பார்க்கவே இல்லை.